இலைகளை உதிர்த்து மரத்தின் மையத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரே மூலக்கூறை இரண்டு பேர் கணினியில் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கார்பன் அணுக்களுக்கு இடமிருந்து வலமாக 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறார். இன்னொருவர் மனம் போன போக்கில் போட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானா என்று கணினி சொல்ல வேண்டும். எண்களை நம்ப முடியாது. படம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதையும் நம்ப முடியாது. யார் எப்படி எண் போட்டாலும் கட்டாயம் அதே அணுவாகவே வந்து நிற்கும் ஒரு தொடக்கப்புள்ளி கிடைத்துவிட்டால், அங்கிருந்து கிளை கிளையாக ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். மரத்தின் மையம் அப்படிப்பட்ட ஒரு புள்ளி. ஓரத்து இலைகளைச் சுற்றுச் சுற்றாக உதிர்த்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு முனையோ இரண்டு முனைகளோ மிஞ்சும். அதுதான் மையம்.

மரத்துக்கு இப்படி ஒரு மையம் உண்டு என்பதை 1869இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கமீல் ஜோர்டான் எழுதினார். 1875இல் ஆர்தர் கெய்லி அதை எடுத்து வேதியியலில் பயன்படுத்தினார். இத்தனை கார்பன் உள்ள ஆல்கேன்களுக்கு எத்தனை மாற்றியங்கள் இருக்க முடியும் என்று எண்ணுவது அவருடைய வேலை. ஒரே மரத்தை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க அவருக்கு ஒரு நிலையான பிடி தேவைப்பட்டது. நாமும் ஆல்கேனையே எடுத்துக்கொள்வோம். வளையம் எதுவும் இல்லாததால் அது அப்பட்டமான மரம்.

முதலில் சொற்கள்

புள்ளிகளை முனை என்றும் அவற்றை இணைக்கும் கோடுகளை விளிம்பு என்றும் சொல்கிறோம். எல்லா முனைகளும் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்து, எங்கேயும் வளையம் இல்லாவிட்டால் அது மரம். n முனைகள் உள்ள மரத்தில் சரியாக n-1 விளிம்புகள் இருக்கும். எந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு பாதைதான் உண்டு. ஒரே ஒரு அண்டை முனை மட்டும் உள்ள முனை இலை.

இன்னும் ஒரு சொல் வேண்டும். ஒரு முனையில் நின்றுகொண்டு, மரத்திலேயே மிகத் தொலைவில் இருக்கும் முனைக்குப் போக எத்தனை விளிம்புகளைக் கடக்க வேண்டும் என்று பாருங்கள். அந்த எண்ணை அந்த முனையின் கடைத்தூரம் என்று அழைப்போம். கடைத்தூரம் எந்த முனைக்கு மிகக் குறைவோ அந்த முனைதான் மையம். ஒவ்வொரு முனைக்கும் கடைத்தூரத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டும் மையத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் மரம் முழுவதையும் சுற்றி வர வேண்டியிருப்பதால் வேலை n-இன் வர்க்கமாகப் பெருகும். ஒரு லட்சம் முனைகள் வந்தால் கணினி திணறிவிடும். இலையுதிர்க்கும் முறையில் ஒவ்வொரு விளிம்பையும் ஓரிரு தடவை தொட்டாலே போதும்.

கையால் ஒரு முறை செய்து பார்ப்போம்

2,2,3-ட்ரைமெத்தில்ஹெப்டேன் என்று ஒரு சேர்மம். வாய்பாடு C10H22. பத்து கார்பன் உள்ள ஆல்கேன்களுக்கு 75 மாற்றியங்கள் உண்டு. அவற்றில் இது ஒன்று. நீண்ட சங்கிலியில் ஏழு கார்பன்கள். இரண்டாவது கார்பனில் இரண்டு மெத்தில் தொகுதிகள், மூன்றாவதில் ஒன்று.

```
    8   10
    |   |
1 - 2 - 3 - 4 - 5 - 6 - 7
    |
    9
```

ஹைட்ரஜன்களைக் காணோமே என்று கேட்கலாம். வேதியியலாளர்கள் எலும்புக்கூடு வரையும்போது ஹைட்ரஜனை விட்டுவிடுவது வழக்கம். வேடிக்கை என்னவென்றால், அது தன்னையறியாமல் செய்யும் ஒரு சுற்று இலையுதிர்ப்புதான். முழு ஆல்கேன் மூலக்கூறில் ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் இலை. ஹைட்ரஜனைத் தவிர வேறு இலையும் கிடையாது. எல்லா இலைகளையும் ஒரே தடவையில் உதிர்த்தால் மையம் மாறாது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கப் போகிறோம். அதனால் ஹைட்ரஜனோடு சேர்த்துத் தேடினாலும் இல்லாமல் தேடினாலும் மையமாக வருவது அதே கார்பன்தான்.

சரி, தொடங்குவோம். முதல் வேலை ஒவ்வொரு முனைக்கும் அண்டை எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது. 2ஆம் முனைக்கு 1, 3, 8, 9 என்று நான்கு அண்டைகள். 3ஆம் முனைக்கு 2, 4, 10 என்று மூன்று. 4, 5, 6 ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு. 1, 7, 8, 9, 10 ஆகியவற்றுக்கு ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் 18 வர வேண்டும், அதாவது விளிம்புகளின் இரட்டிப்பு. வராவிட்டால் எங்கோ ஒரு விளிம்பு விட்டுப்போயிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

முதல் சுற்றில் இலைகள் 1, 7, 8, 9, 10. ஐந்தையும் ஒன்றாக உதிர்க்கிறோம். மிஞ்சுவது 2, 3, 4, 5, 6. இப்போது எண்ணிக்கைகளைத் திருத்த வேண்டும். 2ஆம் முனை மூன்று அண்டைகளை இழந்துவிட்டது, 3 மட்டும் அதனுடன் இருக்கிறது; ஆகவே அது புது இலை. 6ஆம் முனையும் 7ஐ இழந்து இலையாகிவிட்டது. 3ஆம் முனை 10ஐ இழந்தாலும் இன்னும் இரண்டு அண்டைகளோடு இருக்கிறது.

இரண்டாம் சுற்றில் 2, 6 இரண்டும் உதிர்கின்றன. மிஞ்சுவது 3, 4, 5. இதில் 3, 5 இரண்டும் இலைகள்.

மூன்றாம் சுற்றில் 3, 5 உதிர, 4 மட்டும் தனியாக நிற்கிறது. மையம் 4.

சரிபார்ப்பது எளிது. 4இலிருந்து 1, 8, 9, 7 ஆகிய நான்கும் மூன்று விளிம்பு தள்ளி இருக்கின்றன. அதைவிடத் தொலைவில் எதுவும் இல்லை. அதன் கடைத்தூரம் 3. 3இலும் 5இலும் நின்று பார்த்தால் 4 வருகிறது. 2, 6, 10 ஆகியவற்றுக்கு 5. சங்கிலியின் இரண்டு கோடிகளுக்கும் 6.

சங்கிலியை ஒரு கார்பன் நீட்டி, 7க்கு அப்பால் 11 என்று ஒன்றைச் சேர்த்தால் 2,2,3-ட்ரைமெத்தில்ஆக்டேன் கிடைக்கும். இப்போது முதல் சுற்றில் 1, 8, 9, 10, 11 போகும். இரண்டாம் சுற்றில் 2, 7. மூன்றாம் சுற்றில் 3, 6. மிஞ்சுவது 4, 5 என்று இரண்டு முனைகள், நடுவில் ஒரு விளிம்பு. இரண்டுமே மையங்கள். மேலும் ஒரு சுற்று ஓட்டினால் இரண்டும் இலைகளாக இருப்பதால் இரண்டும் போய், கையில் எதுவும் இருக்காது. அதனால்தான் இரண்டு மிஞ்சியதும் நிறுத்துகிறோம்.

போகிற போக்கில் இன்னொரு விஷயமும் கிடைக்கிறது. k சுற்றுகளுக்குப் பிறகு ஒரு முனை மிஞ்சினால் மரத்தின் மிக நீண்ட பாதையில் 2k விளிம்புகள். இரண்டு மிஞ்சினால் 2k+1. மேலே இரண்டு தடவையும் மூன்று சுற்றுகள் ஆயின. ஹெப்டேனில் நீண்ட பாதை 6, ஆக்டேனில் 7. அந்தப் பாதையைத் தனியாகத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஏன் இது சரியாக வருகிறது

மூன்று முனைகளாவது உள்ள ஒரு மரத்தில் எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள். அங்கிருந்து மிகத் தொலைவில் இருப்பது கட்டாயம் ஓர் இலையாகத்தான் இருக்கும். இலையாக இல்லாவிட்டால் அதற்கு இன்னோர் அண்டை முனை இருக்கும், ஒரு விளிம்பு கூடப் போயிருக்கலாம். அப்புறம் அது எப்படி மிகத் தொலைவாகும்?

இப்போது எல்லா இலைகளையும் ஒன்றாக உதிர்க்கிறோம். மிஞ்சிய முனைகளுக்கு இடையே உள்ள தூரம் எதுவும் மாறாது, ஏனென்றால் எந்தப் பாதையும் இலையின் வழியாக ஊடுருவிப் போவதில்லை; இலையில் பாதை முடியத்தான் முடியும். ஒவ்வொரு முனைக்கும் மிகத் தொலைவில் இருந்த இலைகள் அத்தனையும் போய்விட்டன. ஆனால் அப்படி ஓர் இலைக்கு முந்திய முனை மரத்திலேயே இருக்கிறது, அது இலை அல்ல. ஆக, மிஞ்சிய ஒவ்வொரு முனைக்கும் கடைத்தூரம் சரியாக ஒன்று குறைகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம் எடுத்துக்காட்டில் முதல் சுற்றுக்குப் பின் 4க்கு 3 இருந்தது 2 ஆகிறது. 3க்கும் 5க்கும் 4 இருந்தது 3 ஆகிறது. 2க்கும் 6க்கும் 5 இருந்தது 4 ஆகிறது.

எல்லாருக்கும் ஒரே அளவு குறைந்தால் யார் மிகக் குறைவு என்பது மாறாது. உதிர்ந்த இலைகளில் ஒன்று மையமாக இருந்திருக்குமோ என்ற சந்தேகமும் வேண்டாம். இலையிலிருந்து எங்கே போனாலும் அதன் ஒரே அண்டை வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், இலையின் கடைத்தூரம் அந்த அண்டையைவிட ஒன்று அதிகம். எனவே பழைய மரத்தின் மையமும் உதிர்த்த பின் உள்ள மரத்தின் மையமும் ஒன்றே. இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மரம் சிறுத்துக்கொண்டே வந்து ஒரு முனையிலோ இரண்டு முனையிலோ முடியும். மூன்று இருந்தால் இன்னும் ஒரு சுற்று ஓடும்.

இந்த விளக்கத்தில் "எல்லா இலைகளையும் ஒன்றாக" என்பதில்தான் உயிர் இருக்கிறது. நிரலில் தவறு வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நிரல்

பைத்தானில் நேரடியாக எழுதினால் இப்படி வரும். முனைகளுக்கு எண் 1இலிருந்து தொடங்குகிறது.

```python
def tree_center(n, edges):
    if len(edges) != n - 1:
        raise ValueError("not a tree")
    adj = [set() for _ in range(n + 1)]
    for a, b in edges:
        adj[a].add(b)
        adj[b].add(a)
    leaves = [v for v in range(1, n + 1) if len(adj[v]) <= 1]
    left = n
    while left > 2:
        left -= len(leaves)
        nxt = []
        for v in leaves:
            u = adj[v].pop()
            adj[u].discard(v)
            if len(adj[u]) == 1:
                nxt.append(u)
        leaves = nxt
    return leaves
```

`leaves` என்பது இந்தச் சுற்றில் உதிரப் போகிறவை. `nxt` என்பது இந்தச் சுற்று முடிந்ததும் இலையாகி நிற்பவை. இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக வைத்திருப்பதுதான் சுற்றுகளைப் பிரித்து வைக்கிறது. `left` எத்தனை முனைகள் மிச்சம் என்பதைக் கணக்கு வைக்கிறது. தொடக்கத்தில் `<= 1` என்று போட்டிருப்பது ஒற்றை முனை மரத்துக்காக: அதற்கு அண்டையே கிடையாது, ஆனாலும் அதுதான் மையம். மீத்தேனின் கார்பன் எலும்புக்கூடு அப்படிப்பட்டது. ஈத்தேனுக்கு முனைகள் இரண்டு. சுற்றுக்குள் நுழையாமலேயே இரண்டையும் விடையாகத் தந்துவிடும்.

ஆனால் உள்ளே இருக்கும் `== 1` அப்படியே இருக்க வேண்டும். அதையும் `<= 1` என்று மாற்றிவிட்டால், புரோப்பேனில் நடுக் கார்பன் இரண்டு தடவை பட்டியலில் ஏறி `[2, 2]` என்று விடை வரும். முதல் இலை போனதும் அண்டை எண்ணிக்கை 1 ஆகிறது, ஒரு முறை சேர்கிறது; இரண்டாம் இலை போனதும் 0 ஆகிறது, மறுபடி சேர்கிறது. சமக்குறி இருந்தால் 1ஐ ஒரே ஒரு தடவைதான் கடப்போம்.

லீட்கோட் தளத்தில் 310ஆம் கணக்கான `Minimum Height Trees` இதே விஷயம்தான். எந்த முனையை வேராக வைத்தால் மரத்தின் உயரம் மிகக் குறைவு என்று கேட்கிறார்கள். அந்த உயரம் வேரின் கடைத்தூரமே. அங்கே முனைகள் 0இலிருந்து எண்ணப்படும் என்பதை மட்டும் கவனித்து `range`ஐ மாற்றிக்கொள்ள வேண்டும்.

மரம் மிகப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு முனைக்கும் ஒரு `set` வைப்பது நினைவகத்தை நிறையத் தின்னும். அதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. ஒரு முனைக்கு அண்டைகள் யார் யார் என்ற முழுப் பட்டியல் நமக்கு எப்போதுமே தேவைப்படுவதில்லை. அது இலையாகும்போது மிஞ்சியிருக்கும் அந்த ஒரே அண்டை யார் என்று தெரிந்தால் போதும். எனவே அண்டைகளின் எண்களை எல்லாம் `XOR` செய்து ஒரே எண்ணாக `xr[v]`இல் வைத்துக்கொள்ளலாம், கூடவே அண்டை எண்ணிக்கையை `deg[v]`இல். ஓர் அண்டை உதிரும்போது அதன் எண்ணை மறுபடி `XOR` செய்தால் அது கழிந்துவிடும். ஒரே ஓர் அண்டை மிஞ்சும்போது `xr[v]`இல் இருப்பது அதன் எண்ணேதான்.

```python
for v in leaves:
    u = xr[v]
    xr[u] ^= v
    deg[u] -= 1
    if deg[u] == 1:
        nxt.append(u)
```

மற்றதெல்லாம் பழைய நிரல் போலவே. வேகமும் கூடும். ஆனால் உள்ளீடு சரியான மரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், காரணம் கீழே.

தவறு எங்கே வரும், எப்படித் தெரியும்

மிகவும் அடிக்கடி பார்க்கும் பிழை, இலைகளை ஒரே வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து, மிச்சம் இரண்டானதும் நிறுத்திவிடுவது. வரிசை முதலில் வந்ததை முதலில் எடுக்கும் வகையாக இருந்தால் உதிரும் ஒழுங்கு சரியாகத்தான் இருக்கும், ஆனால் சுற்றின் நடுவில் நின்றுவிடும். பென்டேனை எடுத்துக்கொள்ளுங்கள்: 1 - 2 - 3 - 4 - 5. 1 போகிறது, 5 போகிறது, மூன்று மிச்சம். அடுத்து 2 போனதும் மிச்சம் இரண்டு. நிரல் அங்கேயே நின்று 3, 4 என்று விடை சொல்கிறது. உண்மையில் மையம் 3 மட்டும். 2 போன அதே சுற்றில் 4உம் போயிருக்க வேண்டும். கடைசியாக வந்ததை முதலில் எடுக்கும் அடுக்காக இருந்தால் இன்னும் மோசம்: ஒரு பக்கமாகவே அரித்துக்கொண்டு போய் மறுகோடியில் நிற்கும். உங்கள் நிரலைச் சோதிக்க ஐந்து முனைச் சங்கிலியைவிட நல்ல உள்ளீடு கிடையாது. நட்சத்திர வடிவ மரத்தில் இந்தப் பிழை தப்பித்துக்கொள்வதும் உண்டு: சிலருடைய நிரல் நடு முனையோடு ஓர் இலையையும் சேர்த்துத் தந்திருக்கும், "நடு முனை வந்துவிட்டதே" என்று கண்ணில் படாமல் போய்விடும்.

இன்னொன்று, சுற்றின் நடுவிலேயே புது இலையை அதே பட்டியலில் சேர்ப்பது. `for v in leaves` ஓடும்போதே `leaves.append(u)` என்று எழுதினால் பைத்தான் எதுவும் சொல்லாது. புதிதாகச் சேர்ந்ததையும் அதே சுற்றில் எடுத்துக்கொண்டு போய்விடும். சுற்று என்ற கணக்கே குலைந்துவிடும்.

அடுத்தது உள்ளீடே மரமாக இல்லாத நிலை. மூலக்கூறுகளில் இது சகஜம். சைக்ளோஹெக்சேனில் ஆறு கார்பன்களும் ஒரு வளையம். இலை என்று ஒன்றுகூட இல்லை. அதனோடு ஒரு மெத்தில் ஒட்டியிருந்தால் அந்த ஓர் இலை உதிரும், அத்துடன் சரி. `leaves` காலியாகிவிடும், `left` ஆறிலேயே நிற்கும், `while` முடிவில்லாமல் ஓடும். நிரல் தொங்கிக்கொண்டு நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வளையத்தைத்தான்.

தொடக்கத்தில் விளிம்பு எண்ணிக்கை n-1 தானா என்று பார்த்திருக்கிறோமே, அது இதைப் பிடித்துவிடும். ஆறு முனைகளுக்கு ஆறு விளிம்புகள் வந்தால் அங்கேயே `ValueError`. ஆனால் ஒரு முக்கோணமும் தனியாக ஒரு முனையும் சேர்ந்த உள்ளீட்டில் முனைகள் நான்கு, விளிம்புகள் மூன்று. எண்ணிக்கை சரியாக இருக்கிறது, மரம்தான் இல்லை. இங்கேயும் முதல் நிரல் ஏமாறாது. தனி முனை `leaves`இல் இருக்கும், அதன் `set` காலி, `pop` செய்தவுடன் `KeyError: 'pop from an empty set'` என்று விழும். இது தற்செயல் அல்ல. n-1 விளிம்புகள் இருந்தும் மரமாக இல்லாவிட்டால் அதில் கட்டாயம் ஒரு வளையமும், துண்டாகிப் பிரிந்த ஒரு சிறு மரமும் இருக்கும். வளையம் உதிராததால் `left` ஒருபோதும் இரண்டுக்கு இறங்காது. சிறு மரம் உதிர்ந்துகொண்டே வந்து கடைசியில் அண்டையே இல்லாத முனையில் முட்டும். ஆக அந்த ஒரு சோதனையே போதும், மிச்சத்தை `pop` பார்த்துக்கொள்ளும். `XOR` வடிவத்தில் இந்தக் காவல் கிடையாது. அண்டை இல்லாத முனைக்கு `xr` 0 என்று வரும், நிரல் இல்லாத 0ஆம் முனையைத் தொட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

இது எடை மையம் அல்ல

மையம் என்றதும் பலர் மனதில் வருவது, இருபக்கமும் சம அளவு முனைகள் இருக்கும்படியான இடம். அது வேறு. ஒரு முனையை எடுத்துவிட்டால் மரம் துண்டுகளாகப் பிரியும் அல்லவா, அந்தத் துண்டுகளில் பெரியது எவ்வளவு சிறியதாக இருக்க முடியுமோ அப்படிப்பட்ட முனையை எடை மையம் என்கிறோம். ஜோர்டான் இரண்டையுமே எழுதியிருக்கிறார்.

நம் மூலக்கூறிலேயே இரண்டும் விலகி நிற்கின்றன. 3ஆம் முனையை எடுத்தால் மூன்று துண்டுகள்: ஒரு பக்கம் 1, 2, 8, 9, இன்னொரு பக்கம் 4, 5, 6, 7, தனியாக 10. பெரிய துண்டில் நான்கு முனைகள். 4ஐ எடுத்தால் இடப்பக்கத் துண்டில் ஆறு முனைகள் சேர்ந்துவிடும். எனவே எடை மையம் 3, மையம் 4. இலையுதிர்க்கும் முறை தூரத்தை மட்டும் பார்க்கிறது. 2இல் மூன்று இலைகள் கொத்தாகத் தொங்கினாலும் ஒன்று தொங்கினாலும் அதற்கு ஒன்றுதான், எல்லாம் ஒரே சுற்றில் போய்விடும். மரத்தைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகும் வழிமுறைகளுக்குத் தேவைப்படுவது எடை மையம். அங்கே இந்த நிரலைப் போட்டால் விடை தப்பாகாது, ஆனால் வேகம் போய்விடும். நீளமான வாலும் ஒரு முனையில் பெரிய கொத்தும் உள்ள மரத்தில் மையம் வாலின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

விளிம்புகளுக்கு வெவ்வேறு நீளம் இருந்தாலும் இந்த முறை பயன்படாது. a - b - c - d - e என்று ஒரு சங்கிலி. a - b நீளம் 10, மற்றவை எல்லாம் 1. இலையுதிர்த்தால் மையம் c என்று வரும். ஆனால் c-இலிருந்து a 11 தொலைவு. b-இலிருந்து மிகத் தொலைவு 10 மட்டுமே. ஒரு சுற்றில் எல்லா முனைக்கும் ஒரே அளவு குறைகிறது என்ற அடிப்படையே இங்கே உடைந்துவிடுகிறது. நீளம் உள்ள மரத்தில் வேறு வழி: எங்கிருந்தாவது மிகத் தொலைவான முனையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மறுபடி மிகத் தொலைவானதைக் கண்டுபிடித்தால் மிக நீண்ட பாதை கிடைக்கும். அந்தப் பாதையின் மேல் எந்த முனைக்கு இரு கோடிகளில் தூரமானது மிகக் கிட்டே இருக்கிறதோ அதுதான் மையம்.

மையம் கிடைத்த பின்: ஒப்பிடுதல்

இப்போது தொடக்கத்தில் சொன்ன வேலைக்கு வருவோம். மையத்தை வேராக வைத்து, ஒவ்வொரு முனைக்கும் அடைப்புக்குறிகளால் ஒரு சரம் எழுதுகிறோம். இலைக்கு `()`. மற்ற முனைக்கு அதன் பிள்ளைகளின் சரங்களை அகர வரிசை போல அடுக்கி, ஒட்டி, வெளியே ஓர் அடைப்பு.

```python
def code(adj, v, parent=0):
    kids = sorted(code(adj, u, v) for u in adj[v] if u != parent)
    return "(" + "".join(kids) + ")"
```

நம் மரத்தில் 4 வேர். வலப்பக்கம் 7க்கு `()`, 6க்கு `(())`, 5க்கு `((()))`. இடப்பக்கம் 1, 8, 9 மூன்றுக்கும் `()`, 2க்கு `(()()())`. 3க்குப் பிள்ளைகள் 2, 10. கணினியின் வரிசையில் `(` முந்தியது, `)` பிந்தியது. எனவே 2இன் சரம் முதலில் வந்து, 3க்கு `((()()())())` கிடைக்கும். முழு மரத்துக்கு:

```
(((()()())())((())))
```

பத்து முனை, இருபது குறிகள். யார் எந்த எண் போட்டிருந்தாலும் இந்த மூலக்கூறுக்கு இதே சரம்தான் வரும். வேறு எலும்புக்கூட்டுக்கு இது வரவே வராது. மையம் இரண்டாக இருந்தால் இரண்டையும் வேராக வைத்து இரண்டு சரங்களை எழுதி, வரிசையில் முந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

`tree_center` ஓடும்போது தன் `adj`ஐ உதிர்த்துக் காலி செய்துவிடுவதால், `code`க்கு விளிம்புகளிலிருந்து புதிதாக ஒன்று கட்டித் தர வேண்டும். மரம் ஆழமாக இருந்தால் பைத்தானின் தன்னழைப்பு வரம்பு, வழக்கமாக 1000, இடறும். மையத்திலிருந்து தொடங்குவதால் சங்கிலியின் பாதி நீளம்தான் ஆழம் என்றாலும், 3000 முனைச் சங்கிலிக்கு `RecursionError` வந்துவிடும். அப்போது அடுக்கு வைத்து எழுத வேண்டும்.

கெய்லி செய்தது இதற்கு நேரெதிர்த் திசை. மையம் ஒன்றாக உள்ள மரங்களைத் தனியாகவும் இரண்டாக உள்ளவற்றைத் தனியாகவும் கட்டி எண்ணினார். ஒரு மரம் ஒரே நேரத்தில் இரண்டு வகையிலும் வர முடியாது என்பதால் எதுவும் இரட்டிப்பாகாது. ஆனாலும் கைக்கணக்கு அவரை விடவில்லை. 12, 13 கார்பன்களுக்கு அவர் தந்த எண்கள் தவறு. சரியான எண்கள் 355, 802.

இந்தச் சரம் யார் யாரோடு பிணைந்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆக்சிஜனோ நைட்ரஜனோ வந்தால் அடைப்புக்குள் அணுவின் பெயரையும் எழுத வேண்டும். முப்பரிமாண வெளியில் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதும் சரத்தில் வராது. நம் மூலக்கூறின் 3ஆம் கார்பனில் ஹைட்ரஜன், மெத்தில், இடப்பக்கக் கொத்து, வலப்பக்கச் சங்கிலி என்று நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருக்கின்றன. எனவே இதற்கு ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இரண்டு ஆடி பிம்ப வடிவங்கள் உண்டு. இரண்டுக்கும் மையம் 4தான், சரமும் ஒன்றுதான். முன்பு சொன்ன 75இல் இவை இரண்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கின்றன.